மேகராகக்குறிஞ்சி கேட்கும் நேரம்

கேள்வி: கொடைக்கானல்ல ரெண்டு வாரம் தங்கப் போறேன். விடியற்காலை, அந்தி, நடுராத்திரி, இந்த மூணு பொழுதுக்கும் பொருந்துற மாதிரி மென்மையான ராகத்துல அமைஞ்ச சினிமாப் பாட்டு சொல்லுங்களேன். ராகம் எனக்கு அவ்வளவாத் தெரியாது.

நீளமான பட்டியல் தர எனக்கு மனமில்லை. நாலைந்து பாட்டு சொல்கிறேன். ஆனால் எந்தப் பொழுதுக்கு ஏன் அந்தப் பாட்டு என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். நடுராத்திரியிலிருந்தே ஆரம்பிக்கலாம். மலைக்கென்று நம் ஆட்கள் ஒதுக்கிய பொழுதே அதுதானே. குறிஞ்சித் திணைக்குப் பெரும்பொழுது கூதிர், சிறுபொழுது யாமம் என்கிறது தொல்காப்பியம். என் ஊர் கொடைக்கானலுக்கு மேலே இருக்கிற பூம்பாறை. ஐப்பசி மாதத்து ராத்திரியில் பூண்டுக் காட்டின் மேல் மஞ்சு இறங்கி, எதிர்வீட்டு விளக்குகூடக் கண்ணுக்குத் தெரியாமல் போகும்போது, அந்தப் பழைய இலக்கணத்தை எழுதியவர் இங்கே வந்து உட்கார்ந்துவிட்டுப் போனவரோ என்று தோன்றும்.

அந்த நேரத்துக்கு என் முதல் பாட்டு, ‘சிப்பிக்குள் முத்து’ (1986) படத்தில் பி. சுசீலா பாடிய ‘வரம் தந்த சாமிக்கு’. இசை இளையராஜா. ராகம் நீலாம்பரி. தாலாட்டு ராகம் என்று எல்லோரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஏன் அது தூங்க வைக்கிறது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

என் மாமா அடிவாரத்தில் நாகஸ்வரக்காரர். சின்ன வயதில் நான் அவரிடம் வாய்ப்பாட்டு கற்றுக்கொண்டேன். அவர் எனக்கு நீலாம்பரியை விளக்கியது இப்படி: “மாப்ள, சங்கராபரணம் படியேறுற மாதிரி நேரா மேலே போயிரும். நீலாம்பரி அதே வீட்டுப் பிள்ளைதான். ஆனா பாதித் தூக்கத்துல நடக்குற பிள்ளை. ஒரு படி ஏறும், திரும்ப அந்தப் படியிலயே வந்து உட்கார்ந்துக்கும்.” ஸ்வரமாகப் பார்த்தால் அவர் சொன்னது அப்படியே சரி. மேலே போகும்போது ‘ப த ப நி ச’. தைவதத்தைத் தொட்டுவிட்டு மறுபடி பஞ்சமத்துக்கு வந்து, பிறகுதான் மேலே நகரும். இறங்கும்போது ‘ம க ரி க ச’. ரிஷபம் வரை வந்த பிறகும் நேராக ஷட்ஜத்தில் போய் நிற்காது. ஒருமுறை காந்தாரத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழையும். தொட்டில் ஒரு பக்கம் போய், திரும்ப வந்து, நிற்கிற அசைவு அது. போதாததற்கு நிஷாதம் இரண்டு வகையிலும் வரும். கொஞ்சம் கூர்மையான காகலி நிஷாதத்தோடு, நடுநடுவே தணிந்த கைசிகி நிஷாதமும் எட்டிப் பார்க்கும். அந்தத் தணிவு வரும்போது பாட்டில் ஒரு கண்செருகல் தெரியும். கோயிலில் பள்ளியறைச் சேவைக்கு நீலாம்பரி வாசிக்கும் வழக்கமும், தியாகராஜர் ஊஞ்சல் பாட்டான ‘உய்யாலலூகவய்யா’வை இதில் அமைத்ததும் இந்த நடைக்காகத்தான் என்று நான் நினைக்கிறேன்.

நான் உங்களிடம் சொல்ல விரும்பிய விஷயம் இனிமேல்தான் வருகிறது. நாம் நீலாம்பரி என்று சொல்வதைத் தேவாரத்தில் ஓதுவார்கள் மேகராகக்குறிஞ்சி என்பார்கள். பண்களைப் பகலுக்கு, இரவுக்கு, பொதுவாக எந்நேரத்துக்கும் என்று பிரித்து வைத்த பழைய பகுப்பில் அது இராப்பண். பெயரைப் பாருங்கள்: மேகம், குறிஞ்சி. அந்தப் பண்ணில் சம்பந்தர் பாடிய திருவையாற்றுப் பதிகம் ஒன்று உண்டு, ‘புலனைந்தும் பொறிகலங்கி’ என்று தொடங்கும். கோயிலை வலம் வந்த பெண்கள் ஆட, முழவு அதிர, அதை மழை என்று நினைத்துப் பயந்த மந்திகள் மரத்தில் ஏறி மேகத்தைப் பார்க்கின்றனவாம். திருவையாறு சமவெளியில் இருக்கிற ஊர். ஆனால் எங்கள் ஊர்க் குரங்குகளை மழைக்கு முன்னால் பார்த்தவர்களுக்கு அந்த வரி சொந்த வீட்டு வரி மாதிரி இருக்கும். நீங்கள் தங்கும் அறையில் ‘வரம் தந்த சாமிக்கு’ கேட்டுவிட்டு, ஓதுவார் யாராவது பாடிய இந்தப் பதிகத்தையும் தேடிக் கேளுங்கள். சினிமாத் தாலாட்டும் தேவாரமும் ஒரே மண்ணில் முளைத்தவை என்று யாரும் விளக்காமலேயே காதுக்குத் தெரிந்துவிடும்.

போன வருஷம் கூதிரில் என் அக்கா மகள் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். குளிர் பழக்கமில்லாத குழந்தை. பதினொன்றரை மணிக்கு மேல் அழ ஆரம்பித்தது. போனில் இந்தப் பாட்டைப் போட்டோம். தூங்கவில்லை, இன்னும் பலமாக அழுதது. காரணம் பிறகுதான் புரிந்தது. எங்கள் வீட்டுக்குத் தகரக் கூரை. வெளியே தூறல். தூறல் சத்தத்துக்கு மேலே கேட்கட்டும் என்று ஒலியைக் கூட்டி வைத்திருந்தோம். சின்ன ஸ்பீக்கரில் கூட்டினால் குரலின் மேல் ஸ்தாயி மட்டும் கூர்மையாக வந்து காதைக் குத்தும், தாழ்ந்த ஒலிகளும், ஸ்வரத்தை அசைத்துப் பாடுகிற கமகத்தின் குழைவும் அதில் மறைந்துபோகும். குழைவு போனால் நீலாம்பரியில் மீதி இருப்பது வெறும் சங்கராபரணச் சாயல்தான். போனை நிறுத்திவிட்டு, என் அம்மா தாழ்ந்த சுருதியில், வார்த்தை இல்லாமல், ‘ம க ரி க ச’ பிடியை மட்டும் ஆராரோவில் வைத்து மெதுவாகத் திரும்பத் திரும்பப் பாடினார். பத்து நிமிஷத்தில் குழந்தை தூங்கிவிட்டது. ஆகவே மழை ராத்திரி என்றால் ஹெட்போனில் கேளுங்கள், அல்லது மழை விடும்வரை பொறுத்திருங்கள்.

தூக்கம் வேண்டாம், விழித்திருந்து எதையோ நினைத்துக்கொண்டிருக்கவே தோன்றுகிறது என்கிற ராத்திரியும் உண்டு. அந்த ராத்திரிக்கு நீலாம்பரி ஒத்துவராது. ‘ராமு’ (1966) படத்தில் பி.பி. ஸ்ரீநிவாஸ் பாடிய ‘நிலவே என்னிடம் நெருங்காதே’ அதற்கானது. கண்ணதாசன் வரி, எம்.எஸ்.வி. இசை. ராகம் பாகேஸ்ரீ. இந்துஸ்தானியில் இதைப் பின்னிரவை நோக்கிப் போகும் நேரத்தில்தான் பாடுவார்கள். மத்திமத்திலும் தைவதத்திலும் நின்று நின்று போகிற ராகம் இது. ஷட்ஜத்துக்கு வர அவசரமே காட்டாது. அதனால்தான் கேட்பவர் மனமும் எங்கேயும் போய்ச் சேராமல் நடுவிலேயே நிற்கிறது. அதோடு அந்தக் குரல். பி.பி.எஸ். எதையும் அழுத்திப் பாட மாட்டார். வானம் தெளிந்து, பௌர்ணமி நிலவு மஞ்சுக்கு மேலே தெரிகிற நாளுக்கு இதை எடுத்து வையுங்கள்.

அந்திக்கு ஒன்றே ஒன்றுதான்: ‘ராஜ பார்வை’ (1981) படத்தின் ‘அந்திமழை பொழிகிறது’. வசந்தா ராகம். கர்நாடக மரபிலேயே வசந்தா மாலைக்குரிய ராகம். கொடைக்கானலில் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் மழை வருவது சாதாரணம், ஆகவே வார்த்தை, ராகம், வானம் மூன்றும் ஒன்றாகவே வந்து சேரும். வசந்தாவில் பஞ்சமம் கிடையாது. ஷட்ஜத்துக்கு அடுத்தபடி காலூன்ற நமக்குக் கிடைக்கிற உறுதியான ஸ்வரம் பஞ்சமம்தான். அது இல்லாததால் பாட்டு தரையில் படாமல் மிதக்கிறது. பகலும் இல்லாத, இரவும் இல்லாத நேரத்துக்கு அது பொருந்துகிறது. எஸ்.பி.பி.யும் எஸ். ஜானகியும் பாடியிருக்கிறார்கள். தாளம் கொஞ்சம் துள்ளலானது, தாலாட்டு வேகத்தை எதிர்பார்க்காதீர்கள். மென்மை இதில் ராகத்தின் சாயலில் இருக்கிறது.

விடியற்காலைக்கு முதலில் ஒரு எச்சரிக்கை. பெயரைப் பார்த்து ‘வைகறையில் வைகைக் கரையில்’ பாட்டைப் போட்டுவிடாதீர்கள். ‘பயணங்கள் முடிவதில்லை’ (1982) படத்துப் பாட்டு அது. ராகம் சுபபந்துவராளி. அதே ஸ்வரங்களை இந்துஸ்தானியில் தோடி என்பார்கள், அங்கே அது காலை ராகம்தான். வார்த்தையும் வைகறை. கணக்கெல்லாம் சரியாக வரும். ஆனாலும் அந்த ராகத்தில் ரிஷபமும் காந்தாரமும் தணிந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்க, மத்திமம் மட்டும் எட்டாத உயரத்தில் நிற்கும். அந்த இடைவெளிதான் தொண்டையை அடைக்க வைக்கிறது. மிகப் பெரிய பாட்டு, ஆனால் முதல் காப்பியோடு கேட்டால் அன்றைய நாள் முழுக்கப் பாரமாக இருக்கும். எனக்கு இருந்திருக்கிறது.

அதற்குப் பதில் ‘கவிக்குயில்’ (1977) படத்தில் பாலமுரளிகிருஷ்ணா பாடிய ‘சின்னக் கண்ணன் அழைக்கிறான்’. ரீதிகௌளை. இதற்கு விடியல் ராகம் என்று மரபு எதுவும் கிடையாது, இது என் தேர்வு. கர்நாடக இசையில் நேரக் கட்டுப்பாடு இந்துஸ்தானி அளவுக்கு இறுக்கம் இல்லை, அதனால் இந்த உரிமை நமக்கு உண்டு. ரீதிகௌளை நேர்க்கோட்டில் போகாத ராகம். ‘ச க ரி க ம’ என்று தாண்டிப் போய், திரும்பி வந்து, பிறகு நகரும். ஆனால் நீலாம்பரி மாதிரி சோர்ந்து உட்காராது. ஒவ்வொரு வளைவிலும் புதிதாக ஒன்றைக் காட்டும். வத்தலகுண்டிலிருந்து பஸ்ஸில் மேலே ஏறும்போது வளைவுக்கு வளைவு வெளிச்சம் மாறுவதைக் கவனித்துப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

ராகம் தெரியாது என்றீர்கள். அதற்கும் இந்த ராகமே வழி செய்யும். ஒரு காலையில் இதையும், ‘ஒரு ஓடை நதியாகிறது’ (1983) படத்தின் ‘தலையைக் குனியும் தாமரையே’யையும், ‘சுப்ரமணியபுரம்’ (2008) படத்தின் ‘கண்கள் இரண்டால்’ பாட்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். மூன்றும் ரீதிகௌளை. இடையிசையை விட்டுவிடுங்கள், சினிமாவில் அங்கே ராகத்தை விட்டு வெளியே போவது சகஜம். பல்லவியை மட்டும் வாய்க்குள் முனகிப் பாருங்கள். ஒரு பாட்டின் முதல் வரியிலிருந்து இன்னொரு பாட்டுக்குத் தடுக்காமல் தாவ முடிந்தால் ராகம் பிடிபட்டுவிட்டது. தாவும்போது எங்காவது இடறினால் அந்த இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு மறுநாள் மறுபடி கேளுங்கள். பூம்பாறைப் பக்கம் குழந்தை வேலப்பர் கோயிலுக்கு வந்தால், மேலே இருக்கும் திருப்பத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். ஊரும் படிக்கட்டு வயல்களும் மொத்தமாகத் தெரியும் இடம் அது. காலை ஏழு மணிக்குள் வந்துவிட்டால் மஞ்சு கீழேதான் இருக்கும்.