மகளின் மாதச் செலவை முன்கூட்டியே கட்டிவைக்கலாமா?

கேள்வி: ஏற்காட்டில் எங்களுக்குச் சிறிய காபித் தோட்டம் இருக்கிறது. மகள் அக்டோபரில் முதுகலை படிக்க ஜெர்மனி செல்கிறாள். கொட்டை விற்ற பணம் வருடத்துக்கு ஒருமுறைதான் கைக்கு வரும். மாதாமாதம் அவளுக்கு எப்படி அனுப்புவது? அங்கே கணக்கை எப்போது தொடங்குவது? – ஒரு தந்தை, ஏற்காடு

பதில்: உங்கள் வருமானத்தின் போக்குக்கு ஜெர்மனியின் விதி பொருத்தமாகவே அமைந்திருக்கிறது. மாணவர் விசாவுக்கு, ஓராண்டுச் செலவான 11,904 யூரோவை மகளின் பெயரில் 'பிளாக்டு அக்கவுண்ட்' எனப்படும் முடக்கக் கணக்கில் முன்னதாகவே செலுத்திக் காட்டுவதுதான் வழக்கமான முறை. அதிலிருந்து மாதம் 992 யூரோ மட்டுமே விடுவிக்கப்படும் என்பதால், முதல் ஆண்டில் நீங்கள் மாதந்தோறும் வங்கிப் படி ஏற வேண்டியதில்லை.

இந்தக் கணக்கை இங்கிருந்தே இணையவழியில் தொடங்கலாம். பணம் அனுப்பும்போது, வழியிலுள்ள இடைநிலை வங்கிகள் தங்கள் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு, இருபது யூரோ குறைவாகப் போய்ச் சேர்ந்தால்கூட விசாவுக்கான உறுதிச் சான்று வராமல் நின்றுவிடும். ஆகவே எல்லாக் கட்டணமும் அனுப்புபவருக்கே என்று படிவத்தில் குறித்து, ஐம்பது, நூறு யூரோ கூடுதலாகவே அனுப்புங்கள்.

அடுத்தது டிசிஎஸ். ஒருவர் ஒரு நிதியாண்டில் வெளிநாட்டுக்கு அனுப்பும் மொத்தத் தொகை 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு வங்கி இந்த வரியை வசூலிக்கும். யூரோ நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் உங்கள் தொகை ஏறக்குறைய 12 லட்சம். இதை நீங்கள் ஒருவரே அனுப்பி, நோக்கத்தை 'குடும்பத்தார் பராமரிப்பு' என்று எழுதிவிட்டால், மேற்பட்ட 2 லட்சத்துக்கு 20 சதவீதமாக 40,000 ரூபாய் போய்விடும். கல்லூரிச் சேர்க்கைக் கடிதத்தை இணைத்து, கல்விக்கான S0305 என்ற நோக்கக் குறியீட்டைக் குறித்தால் விகிதம் மிகக் குறைவு. அதைவிட எளிய வழி, மார்ச்சில் 6 லட்சமும் ஏப்ரலில் 6 லட்சமுமாக அனுப்புவது. புதிய நிதியாண்டில் வரம்பு புதிதாகத் தொடங்குவதால் வரியே வராது. அதே ஆண்டுகளில் கல்லூரிக் கட்டணத்துக்கும், வெளிநாட்டுப் பணத்தை ஏற்றிவைக்கும் ஃபாரெக்ஸ் கார்டுக்கும் அனுப்புவதும் இந்த வரம்பில்தான் சேரும். பிடித்த வரி கணக்குத் தாக்கலில் திரும்பக் கிடைக்கும் என்றாலும், அறுவடைப் பணத்தை அதுவரை அங்கே முடக்குவானேன்?

மகள் சென்றதும் முதல் வேலையாகத் தங்குமிட முகவரியை நகர அலுவலகத்தில் பதிய வேண்டும். அந்தச் சான்று, கடவுச்சீட்டு, பல்கலைக்கழகச் சேர்க்கைச் சான்று ஆகியவற்றைக் கொண்டு அங்கே நடப்புக் கணக்கு தொடங்கி, DE என்று ஆரம்பிக்கும் அதன் IBAN கணக்கு எண்ணை முடக்கக் கணக்கு நிறுவனத்துக்குத் தந்த பிறகே 992 யூரோ வரத் தொடங்கும். இதற்குச் சில வாரங்கள் ஆகலாம். வீட்டு முன்பணமோ மூன்று மாத வாடகை வரை கேட்கப்படும். அதை முடக்கக் கணக்கிலிருந்து மொத்தமாக எடுக்க முடியாது. எனவே முன்பணத்தையும் முதல் மாதச் செலவையும் ஃபாரெக்ஸ் கார்டில் தனியாகக் கொடுத்தனுப்புங்கள்.