துருசு வேலைக்கான பட்டை வரைபடம்: கேள்வி பதில்

மாங்குளம்: குளத்தின் துருசு திருத்த வேலைக்குப் பட்டை வரைபடம் கீறினேன். எல்லாப் பட்டைகளும் செப்டம்பர் 1இல் தொடங்குகின்றன. சரிதானே?

எந்த வேலை எதற்காகக் காத்திருக்கிறது என்பதை முதலில் எழுதுங்கள். பட்டைகளை அதன் பிறகு கீறலாம். பழைய துருசை உடைக்க 6 நாள், கொங்கிறீற்று இட 8 நாள், அது இறுக 7 நாள், குளக்கட்டை மண்ணிட்டு இறுக்க 9 நாள் என வைத்தால், ஒன்று முடியாமல் அடுத்தது தொடங்க இயலாத இந்தத் தொடர் செப்டம்பர் 30இல் முடிகிறது. இதில் ஒரு நாள் பிந்தினாலும் வேலை ஒக்ரோபர் மழைக்குள் போய்விடும். இரும்புக் கதவு அப்படியன்று. பட்டறையில் அதைச் செய்ய 12 நாள், பொருத்த 3 நாள். கொங்கிறீற்று இறுகிய பின், 22ஆம் திகதிக்குத்தான் பொருத்தலைத் தொடங்க முடியும் என்பதால், பட்டறை 9 நாள் பிந்தினாலும் எவருக்கும் பாதிப்பில்லை. முழு வேலையின் முடிவு தள்ளிப்போகாமல் ஒரு வேலை பிந்தக்கூடிய நாள்களைத் தளர்வு என்போம்.

பூநகரி: கொங்கிறீற்று இறுகும்போது ஆட்களுக்கு வேலையில்லை. அதற்கு ஏன் பட்டை?

கூலி இல்லாவிட்டாலும் நாள் கழிகிறது. அந்தப் பட்டையை விட்டுவிட்டால் மண் போடுபவர்கள் 15ஆம் திகதியே வந்து நிற்பார்கள்.

ஒட்டுசுட்டான்: என் கணக்கில் கதவு செய்வதற்கு 15 நாள் தளர்வு, பொருத்துவதற்கு 6 நாள். மொத்தம் 21 நாள் கையிலிருக்கிறது.

இரண்டு எண்களும் சரி, கூட்டியதுதான் பிழை. அந்த 15இல் 9 நாள் மட்டுமே பட்டறைக்கு உரியது. மீதி 6 நாளும் பொருத்துபவரின் அதே 6 நாள்தான். பட்டறை 15 நாளையும் எடுத்துக்கொண்டால், பொருத்துபவர் 28ஆம் திகதி தொடங்கி ஒரு நாளும் தவறாமல் 30இல் முடித்தாக வேண்டும்.

நெடுங்கேணி: எந்த மென்பொருள் நல்லது?

இந்த அளவு வேலைக்குச் சதுரக் கொப்பித் தாள் போதும்.

துணுக்காய்: எங்கள் வாய்க்காலை 8 நாளில் வெட்டி, 5 நாளில் கல் பதிக்க வேண்டும். வெட்டத் தொடங்கி இரண்டு நாள் கழித்துக் கல் பதிக்கலாமா?

அப்படிக் கீறினால் கல் பதிப்பு 7ஆம் நாள் முடிகிறது. வெட்டுவதோ 8ஆம் நாள்தான் முடிகிறது. வெட்டாத இடத்தில் கல் பதிக்க முடியாதல்லவா? ஒன்றன்மேல் ஒன்று படியும் வேலைகளில் தொடக்கத்தை மட்டும் கட்டினால் இப்படித்தான் ஆகும். முடிவையும் சேர்த்துக் கட்டுங்கள். கடைசித் துண்டுக்கு ஒரு நாள் தேவை என்றால், கல் பதிப்பு 9ஆம் நாள் முடிய வேண்டும். 5ஆம் நாள் தொடங்கினால் போதும்.

முழங்காவில்: கதவுக்குத் தளர்வு இருப்பதால் பிந்தலாம்தானே?

ஒட்டுசுட்டான் அன்பருக்கு எழுதியதைப் பாருங்கள். தளர்வு தனி ஒருவரின் சொத்தன்று.

மாங்குளம்: மீண்டும் நான்தான் ஐயா. கதவு பொருத்துபவர்களும் மண் போடுபவர்களும் ஒரே ஆட்கள்.

இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். 22 முதல் 24 வரை அவர்கள் கதவில் நின்றால் மண்வேலை ஒக்ரோபர் 3 வரை இழுபடும்; ஒட்டுசுட்டான் அன்பர் பொருத்துவதற்குக் கணக்கிட்ட 6 நாள் தளர்வு தாளில் மட்டுமே இருக்கும். கதவுக்கு வேறு இருவரைப் பிடிப்பதா, உடைக்கும் வேலைக்கு ஆள் கூட்டி 3 நாள் மீட்பதா என்பதை உங்கள் கமக்காரர் அமைப்பின் கையிருப்பைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். கொங்கிறீற்று இறுகும் 7 நாளில் மட்டும் கை வைக்காதீர்கள்.