எரிகிற விறகும் நாகார்ச்சுனரும்: சூனியம் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: சூனியம் என்றால் எதுவுமே இல்லை என்றுதானே அர்த்தம்? இல்லாததைப் பற்றி எதற்கு இத்தனை வாதம்?

எது இல்லை என்கிறார் என்று முதலில் பாருங்கள். பௌத்தத் தத்துவ ஆசிரியரான நாகார்ச்சுனர் மறுப்பது பொருளை அல்ல, பொருளுக்கு இருப்பதாக நாம் நினைக்கும் சுபாவத்தை. சுபாவம் என்றால் என்ன என்பதற்கு மூலமத்தியமக காரிகை என்ற தன் நூலின் 15ஆம் அத்தியாயத்தில் அவரே அளவுகோல் வைத்துவிடுகிறார்: எதனாலும் ஆக்கப்படாதது, வேறொன்றைச் சாராதது. அப்படி ஒன்றைக் காட்டுங்கள் என்பதுதான் 27 அத்தியாயங்களிலும் ஓடுகிற சவால்.

கேள்வி: நெருப்புக்குச் சூடு சுபாவம்தானே? சூடு இல்லாத நெருப்பை யாராவது பார்த்திருக்கிறார்களா?

பழைய ஆட்சேபம், நல்ல ஆட்சேபமும்கூட. பேச்சுவழக்கில் சூட்டை நெருப்பின் இயல்பு என்று சொல்வதில் யாருக்கும் தகராறு இல்லை. 7ஆம் நூற்றாண்டில் இந்த நூலுக்கு உரை எழுதிய சந்திரகீர்த்தி இதை எடுத்துக்கொண்டு, அந்தச் சூடு எங்கிருந்து வந்தது என்று கேட்கிறார். வெயிலும் படிகமும் எரிபொருளும் சேர்ந்தால் வருகிறது, கட்டையைக் கடைந்தால் வருகிறது. காரணங்களால் வந்தது என்றாலே ஆக்கப்பட்டது. அந்த நெருப்பை விட்டுப் பிரியாது என்பது உண்மை. எதையும் சாராதது என்பது வேறு கதை.

10ஆம் அத்தியாயம் முழுக்க நெருப்பும் எரிபொருளும்தான். இரண்டும் ஒன்று என்றால் எரிப்பதும் எரிக்கப்படுவதும் ஒன்றாகிவிடும், வெட்டுகிற கத்தியே வெட்டுப்படும் காய் என்பதுபோல. இரண்டும் முற்றிலும் வேறு, தத்தம் காலில் நிற்பவை என்றால் நெருப்பு விறகில்லாமலே எரிய வேண்டும். பற்றவைக்கத் தேவையில்லை, அணையவும் அணையாது. யாரும் அப்படி ஒரு நெருப்பைக் கண்டதில்லை.

கேள்வி: தீ விறகைச் சார்ந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விறகு தீ இல்லாமலே மூலையில் கிடக்கிறதே! சார்பு ஒருவழிதான்.

பாதி சரி. மூலையில் கிடப்பது மரக்கட்டை. எரிய வேண்டும் என்ற கணக்கு வந்த பிறகுதான் அது விறகு; அதே கட்டை தச்சர் கையில் போனால் நாற்காலிக் கால். சரி, கட்டையாவது தானாக நிற்கிறதா என்று அடுத்துக் கேட்பீர்கள். அது மரத்தை, நீரை, மண்ணை, தன் நார்களைச் சார்ந்தது.

இங்கேதான் நாகார்ச்சுனருக்கும், புத்தர் போதனையைக் கூறுகூறாகப் பகுத்த அபிதர்ம ஆசிரியர்களுக்கும் சண்டை. தேர் என்பது பாகங்களின் சேர்க்கைக்கு வைத்த வெறும் பெயர், உடைத்துக்கொண்டே போனால் அடியில் தங்கும் தர்மங்கள் என்ற அடிப்படைக் கூறுகளுக்குச் சுபாவம் உண்டு என்பது அவர்களில் சர்வாஸ்திவாதிகள் என்ற பிரிவினரின் நிலை. அந்த அடித்தளமும் காரணத்தால் வருவதுதானே என்கிறார் நாகார்ச்சுனர். அடியே இல்லாத சார்பு எப்படி நிற்கும் என்று இன்றும் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், ஒவ்வொரு படியையும் அவர் ஆட்டிக் காட்டியது உண்மை; கடைசிப் படி இருக்கவே முடியாது என்று நிரூபித்துவிட்டாரா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

கேள்வி: அணுவுக்குள் பெரும்பாலும் வெற்றிடம் என்று விஞ்ஞானம் சொல்கிறதே, அதைத்தான் அவர் அன்றே சொன்னாரா?

இல்லை. அணு முழுக்கக் கெட்டியாக இருந்தாலும் அவர் வாதம் அப்படியே இருக்கும்.

கேள்வி: 'எல்லாம் சூனியம்' என்ற வாக்கியமும் சூனியம்தான். அது எப்படி எதையாவது மறுக்கும்? விக்ரகவியாவர்த்தனி என்ற தன் இன்னொரு நூலில் அவர் தரும் பதில் எனக்கு நழுவலாகத் தெரிகிறது.

அங்கே இரண்டு பதில்கள் உண்டு. வண்டி சூனியம்தான், ஆனாலும் விறகு சுமக்கிறது. துணி சூனியம்தான், ஆனாலும் குளிரைத் தடுக்கிறது. என் சொல்லும் அப்படியே வேலை செய்கிறது என்பது ஒன்று. இதில் நழுவல் எதுவும் தெரியவில்லை. 'எனக்குக் கொள்கையே கிடையாது' என்பது இன்னொன்று. அதில் உங்கள் பக்கம் ஞாயம் உண்டு. எதிராளியின் பேச்சில் முரண் காட்டினால் போதுமா, சொந்தமாகத் தருக்க அனுமானம் வைக்க வேண்டாமா என்று பின்வந்த உரையாசிரியர் பாவவிவேகர் தொடங்கிய வழக்கு, நாகார்ச்சுனர் வழிவந்த மத்தியமகப் பள்ளிக்குள்ளேயே முடிந்தபாடில்லை.

கேள்வி: நண்பரிடம் வாங்கிய கடன் ஒன்று கழுத்தை நெரிக்கிறது. கடனும் சூனியம் என்றால் கட்ட வேண்டாமா?

கட்ட வேண்டும். ஆனால் உதாரணம் அருமை. அந்தக் கடனைத் தேடிப் பாருங்கள். வாங்கிய நோட்டுகளில் இல்லை, அவை எப்போதோ கைமாறிவிட்டன. உங்கள் உடம்பிலும் இல்லை, அவர் பெட்டியிலும் இல்லை. கொடுத்தவர், வாங்கியவர், பேச்சு, நினைவு எல்லாம் சேர்ந்த இடத்தில்தான் அது நிற்கிறது. அதனால் பொய்யாகிவிடவில்லை, உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிறதே! காரிகையின் 24ஆம் அத்தியாயத்தில் நாகார்ச்சுனர் திருப்பிப் போடுவதும் இதைத்தான்: சுபாவம் உள்ளது மாறாது. உங்கள் கடனுக்குச் சுபாவம் இருந்திருந்தால், எத்தனை தவணை கட்டினாலும் அது தீராது.