மருந்துத் தாளில் உள்ள 'கான்ட்ராஇண்டிகேஷன்': வேறு நோய்கள் இருப்பவர் எப்படிப் படிக்க வேண்டும்?

கேள்வி: எனக்கு பிபி, சர்க்கரை இரண்டும் உண்டு. மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் மாத்திரை வாங்கினேன். உள்ளே இருந்த தாளில் 'கான்ட்ராஇண்டிகேஷன்' என்று ஒரு பட்டியல். பக்கவிளைவைத்தான் அப்படிச் சொல்கிறார்களா? என் நோய்கள் அதில் இல்லையென்றால் சாப்பிடலாமா?

பதில்: இல்லை, பக்கவிளைவு வேறு. மாத்திரை சாப்பிடும் யாருக்கும் வரக்கூடிய தொல்லை பக்கவிளைவு. வந்தாலும் வரும், வராமலும் போகும். கான்ட்ராஇண்டிகேஷன் என்பது மாத்திரையை வாயில் போடுவதற்கு முன்பே பார்க்க வேண்டியது: இந்த நிலையில் இருப்பவருக்கு இந்த மருந்தைக் கொடுக்கவே கூடாது, நன்மையைவிடக் கெடுதல் அதிகம் என்று பொருள். அதற்கு அடுத்தபடி 'எச்சரிக்கை' என்று ஒரு பகுதி இருக்கும். அதில் உள்ளவர்களுக்கு மருந்து கொடுக்கலாம். ஆனால் அளவைக் குறைத்து, நாட்களைக் குறைத்து, ரத்தப் பரிசோதனையோடு.

டைக்ளோஃபெனாக்கின் தடைப் பட்டியலில் பொதுவாக இருப்பவை: வயிற்றில் ஆறாத புண் அல்லது ரத்தக்கசிவு, ஆஸ்பிரின் வகை மாத்திரையால் மூச்சிரைப்போ தடிப்போ வந்த அனுபவம், இதய ரத்தக்குழாய் அடைப்பு, இதயச் செயலிழப்பு, பக்கவாதம், கடுமையான சிறுநீரக அல்லது கல்லீரல் பாதிப்பு, கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்கள்.

இதைப் படிக்கும்போது பலரும் தவறுவது நோயின் பெயரில்தான். ஸ்டென்ட் வைத்து ஐந்து வருடம் ஆனவர் "எனக்கு இப்போது நெஞ்சுவலியே இல்லையே" என்று தாண்டிப் போய்விடுவார். ஆனால் தாளில் உள்ள 'இதய ரத்தக்குழாய் நோய்' அவரையும் சேர்த்துத்தான். ஸ்டென்ட் அடைப்பைத் திறந்திருக்கிறதே தவிர நோயை எடுத்துவிடவில்லை.

'கடுமையான' என்ற சொல்லும் அப்படித்தான். சிறுநீரகத்தைப் பொறுத்தவரை ரத்தப் பரிசோதனைத் தாளில், சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்பதைக் காட்டும் இஜிஎஃப்ஆர் 30-க்குக் கீழே இருந்தால் கடுமையானது என்று எடுத்துக்கொள்வார்கள். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினினின் அளவை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். கிரியேட்டினின் 1.9 என்று வைத்துக்கொள்வோம். 30 வயது ஆணுக்கு அது இஜிஎஃப்ஆர் கிட்டத்தட்ட 48. அதே 1.9, 68 வயதுப் பெண்ணுக்குச் சுமார் 28. ஒரே எண்தான், ஆனால் அந்த அம்மாவுக்கு இந்த மாத்திரை கூடவே கூடாது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. பிபியும் சர்க்கரையும் பெரும்பாலும் தடைப் பட்டியலில் இருக்காது, எச்சரிக்கைப் பகுதியில்தான் இருக்கும். அதைப் பார்த்து நிம்மதி அடைந்துவிட வேண்டாம். 'மற்ற மருந்துகளோடு சேரும்போது' என்ற பகுதியையும் படியுங்கள். உங்களுக்கு உண்மையான சிக்கல் அங்கே இருக்கலாம்.

சிறுநீரக வடிகட்டிக்கு ரத்தம் வரும் குழாயை விரித்து வைக்க உடல் ஒரு பொருளைச் சுரக்கிறது. டைக்ளோஃபெனாக் அதன் உற்பத்தியைத் தடுப்பதால், வரும் ரத்தம் குறையும். ராமிப்ரில், டெல்மிசார்டன் போன்ற பிபி மாத்திரைகள் வெளியே போகும் குழாயைத் தளர்த்துவதால் வடிகட்டிக்குள் அழுத்தம் இறங்கும். ஹைட்ரோகுளோரோதயசைடு மாதிரியான நீர் மாத்திரை உடலின் நீரையே குறைக்கும். இவை மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால், சர்க்கரையால் ஏற்கெனவே தளர்ந்த சிறுநீரகம் சில நாட்களிலேயே திணறிவிடலாம். பல பிபி மாத்திரைகளில் இரண்டு மருந்துகள் ஒன்றாகவே இருக்கும். அதனால் அட்டையின் பின்பக்கத்தில் மருந்தின் பெயர்களைப் பாருங்கள்.

சிறுநீர் குறைவது, கால் வீங்குவது, இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ எடை ஏறுவது, வீட்டில் பார்க்கும் பிபி வழக்கத்தைவிடக் கூடுவது, இதெல்லாம் வெளியே தெரியும் அடையாளங்கள். ஆனால் ஆரம்பத்தில் எதுவுமே தெரியாமல் கிரியேட்டினின் மட்டும் ஏறுவதும் உண்டு. வாந்தி, வயிற்றுப்போக்கு இருக்கும் நாட்களில் ஆபத்து இன்னும் அதிகம்.

ஆகவே டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ "எனக்கு பிபி இருக்கிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள். தினமும் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும், கடைசியாக எடுத்த கிரியேட்டினின், இஜிஎஃப்ஆர் முடிவையும் காட்டுங்கள். ஸ்டென்ட், பக்கவாதம், வயிற்றுப்புண் எப்போதாவது இருந்திருந்தால், பழைய கதை என்று விட்டுவிடாமல் அதையும் சொல்லுங்கள். டைக்ளோஃபெனாக் ஜெல்லாகத் தடவினால் ரத்தத்தில் சேரும் அளவு மிகவும் குறைவு. உங்களுக்கு அது போதுமா என்றும் கேளுங்கள்.

கேட்டுத் தெளிவாகும் வரை வலி மாத்திரையை நிறுத்தி வைப்பதால் கெடுதல் இல்லை. பிபி, இதயம், வலிப்பு மாத்திரைகளுக்கு இது பொருந்தாது. அவற்றின் தாளில் உங்கள் நோய் இருப்பதாகத் தோன்றினால், நீங்களாக நிறுத்தாமல் அன்றைக்கே எழுதிக் கொடுத்த டாக்டரிடம் பேசுங்கள்.