கூம்புக் கோப்பையில் சரிபாதி நீர் எங்கே நிற்கும்?

இரண்டு பிள்ளைகளின் தாய்: அடி கூராக, வாய் அகலமாக இருக்கும் கண்ணாடிக் கோப்பையில் பழச்சாறு ஊற்றிக் கொடுத்தேன். பெரியவன் பாதி உயரம் வரை குடித்துவிட்டுத் தம்பியிடம் நீட்டினான். சின்னவன் அழுகையை நிறுத்தவில்லை. யார் பக்கம் நியாயம்?

சின்னவன் பக்கம்தான். அவனுக்குக் கிடைத்தது பாதி அல்ல, எட்டில் ஒரு பங்கு. உங்கள் கோப்பை உள்ளே 10 செ.மீ. ஆழமும் வாயில் 8 செ.மீ. விட்டமும் உடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். விளிம்பு வரை சுமார் 168 மி.லி. பிடிக்கும். 5 செ.மீ. ஆழத்தில் மிஞ்சுவது 21 மி.லி. மட்டுமே, பெரியவன் 147 மி.லி. குடித்துவிட்டான். சரிபாதியாகப் பிரிய வேண்டுமானால், கூர்முனையிலிருந்து 7.94 செ.மீ. உயரத்தில் சாறு நிற்கும்போதே அவன் கோப்பையைக் கீழே வைத்திருக்க வேண்டும். மேலே இருக்கும் இரண்டு செ.மீ. சொச்சத்தில்தான் ஒருவருடைய முழுப் பங்கும் இருக்கிறது. நான் சொல்லும் 84 மி.லி.யைத் தனியாக அளந்து ஊற்றி அவனுக்கே காட்டுங்கள்.

பத்தாம் வகுப்பு மாணவி: சூத்திரத்தில் போட்டால் 0.794 வருகிறது. ஆனால் ஏன் இவ்வளவு மேலே என்று மனத்தில் பதியவில்லை.

கோப்பையைக் குறுக்கே ஐந்து சம உயரப் பட்டைகளாக மனத்தில் வெட்டிப் பார். அடியில் இருக்கும் கூர்ப்பட்டை பிடிக்கும் நீரை 1 என்று கொள். அதற்கு மேலுள்ள பட்டைகள் முறையே 7, 19, 37, 61 பிடிக்கும். மொத்தம் 125. கீழே இருந்து நான்கு பட்டைகளையும் நிரப்பினால் 64. ஐந்தாவது பட்டை ஒன்றே 61. ஆக, ஐந்தில் நான்கு உயரம் வரை ஊற்றினால் பாதியைக் கொஞ்சம்தான் தாண்டுகிறாய். சரிபாதி அதற்குச் சற்றுக் கீழே நிற்கிறது.

மேலே போகப் போக உயரம் மட்டும் கூடவில்லை. நீளவாக்கிலும் அகலவாக்கிலும் நீர்ப்பரப்பு விரிகிறது. மூன்றும் ஒரே விகிதத்தில் வளர்வதால் கன அளவு விகிதத்தின் முப்படியாகிறது. அதனால் பாதி கன அளவுக்கு இரண்டில் ஒன்றின் கனமூலம், அதாவது 0.7937. கோப்பை ஒல்லியோ அகலமோ, நேரான பக்கங்களோடு கூரில் முடிந்தால் இந்த எண் மாறாது. சாயுயரத்தில் அளந்தாலும் இதே விகிதம்தான். காகிதக் கூம்பில் கோடு போட அதுவே எளிது. பின்னமாக வேண்டுமா? 50/63 வைத்துக்கொள். அதன் முப்படி 125000/250047. பாதிக்கு இவ்வளவு நெருங்குவதைக் கையால் பெருக்கிப் பார்த்த நாளிலிருந்து எனக்கு அந்தப் பின்னத்தின் மேல் தனிப் பிரியம்.

பொறியியல் படித்தவர்: 0.794 தவறு. பாதிக்கு 0.707 என்றுதான் நான் கற்றேன். வர்க்கமூலம் எடுக்க வேண்டும், கனமூலம் அல்ல.

நீங்கள் கற்றது தவறல்ல. அது வேறு பாத்திரத்துக்கு உரியது. இரு பக்கமும் சாய்ந்து அடியில் கோடாகச் சேரும் நீளமான தொட்டியில், நீர் ஏறும்போது அகலம் மட்டும் விரிகிறது, நீளம் மாறுவதில்லை. அங்கே பாதி நீர் 0.707 ஆழத்தில் நிற்கும். கூம்புக் கோப்பையிலும் அந்த எண்ணுக்கு ஓர் இடம் உண்டு: 0.707 ஆழத்தில் நீரின் மேற்பரப்பு வாயின் பரப்பில் பாதி. உட்சுவரிலும் பாதிதான் நனைந்திருக்கும். ஆனால் நீர் 35 விழுக்காடுதான். வாய்க்கால் வேலையில் பழகியவர்களிடம் இந்தக் குழப்பத்தை நிறையப் பார்த்திருக்கிறேன்.

டீக்கடை நடத்துபவர்: எங்கள் கண்ணாடி டம்ளர் மேலே 8 செ.மீ., கீழே 6 செ.மீ., உயரம் 10 செ.மீ. பாதி டீ கேட்பவருக்கு 7.9 செ.மீ. வரை ஊற்றுவதா? கட்டுப்படியாகாதே.

வேண்டாம், உங்களுக்குத்தான் நட்டம். உங்கள் டம்ளர் முழுக் கூம்பு அல்ல, கூம்பின் இடைக்கண்டம். பக்கங்களைக் கீழ்நோக்கி நீட்டினால், டம்ளரின் அடிக்குக் கீழே 30 செ.மீ. தொலைவில் ஒரு புள்ளியில் சேரும். அங்கிருந்து வாய் 40 செ.மீ. உயரம். 40-இன் முப்படி 64000, 30-இன் முப்படி 27000. இரண்டுக்கும் நடு 45500. அதன் கனமூலம் 35.7. அதிலிருந்து 30 போக, டம்ளருக்குள் 5.7 செ.மீ. முழு டம்ளர் 387 மி.லி. என்பதால் பாதி சுமார் 194 மி.லி.

அதே டீக்கடைக்காரர்: நான் வழக்கமாக டம்ளரைச் சாய்ப்பேன். ஒரு பக்கம் விளிம்பையும் எதிர்ப்பக்கம் அடி ஓரத்தையும் டீ தொட்டால் பாதி என்று கணக்கு. அது போதாதா?

நேர்க்குத்தான சுவருள்ள பாத்திரத்தில் அது மிகச் சரி. உங்கள் டம்ளரில் அப்படிப் பார்த்தால் வாடிக்கையாளருக்குக் கிடைப்பது 39 விழுக்காடு, ஏறக்குறைய 152 மி.லி. இத்தனை நாள் குறைவாகவே கொடுத்திருக்கிறீர்கள்.

கூர்முனைக் கோப்பையிலோ சாய்த்துப் பார்ப்பது அழகாக வேலை செய்கிறது. நீர் ஒரு பக்கம் விளிம்பைத் தொடும் வரை மெல்லச் சாய்த்து, எதிர்ப்பக்கச் சுவரில் அது எங்கே நிற்கிறது என்று பாருங்கள். சாயுயரத்தில் 63 விழுக்காட்டில் நின்றால் சரிபாதி. முனையிலிருந்து இரு பக்கமும் நீர் எட்டும் நீளங்களைப் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால், நிமிர்த்தி வைக்கும்போது நீர் நிற்கும் சாயுயரம் கிடைக்கும். முதலில் சொன்ன கோப்பையில் விளிம்பு 10.77, எதிர்ப்பக்கம் 6.78 செ.மீ.

சமையலறைத் தராசு வைத்திருப்பவர்: நான் செய்தே பார்த்துவிட்டேன். உள்ளே குச்சி விட்டு அளந்தால் ஆழம் 9 செ.மீ. அதில் 0.794 பங்கு ஊற்றி நிறுத்தால் 54 விழுக்காடு காட்டுகிறது. உங்கள் எண்ணை நம்ப முடியவில்லை.

குச்சி தொட்டது கூர்முனையை அல்ல என்று நினைக்கிறேன். பல கோப்பைகளில் கடைசி ஒரு செ.மீ. கண்ணாடியால் அடைபட்டிருக்கும். அந்தக் கூரில் ஆயிரத்தில் ஒரு பங்கு நீர்தான் பிடிக்கும், ஆகவே கொள்ளளவில் அது பொருட்டே இல்லை. ஆனால் ஆழத்தை எங்கிருந்து எண்ணுகிறோம் என்பதைக் கெடுத்துவிடுகிறது. 10 செ.மீ. கூம்பில் 1 செ.மீ. அடைபட்டிருந்தால், குச்சி தொட்ட இடத்திலிருந்து 6.94 செ.மீ. வரைதான் ஊற்ற வேண்டும். நீங்கள் 7.14 வரை ஊற்றியிருப்பீர்கள். அந்த 2 மி.மீ. சரியாக உங்கள் 54-ஐத் தருகிறது. அந்த மட்டத்தில் ஒவ்வொரு மி.மீ. பிழையும் பாதி நீரில் ஏறக்குறைய 4 விழுக்காடு. ஆகையால் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி அளங்கள். சுவரோரம் நீர் சற்று ஏறி நிற்கும். நடுவே தாழ்ந்த மட்டத்தையே படியுங்கள்.

அவரே மீண்டும்: என் கோப்பையின் பக்கம் லேசாக வெளியே வளைந்திருக்கிறது. அதுவும் காரணமா?

இருக்கலாம். வளைவு எவ்வளவு என்று தெரியாமல் நான் பிரித்துச் சொல்ல முடியாது. 2, 4, 6, 8 செ.மீ. மட்டங்களில் உள்விட்டத்தை அளந்து எழுதுங்கள். விட்டம் உயரத்தோடு சீராகக் கூடவில்லையென்றால் அது கூம்பே அல்ல. அப்போது என் எண்ணை விட்டுவிட்டு உங்கள் தராசையே நம்புங்கள்.

கல்லூரி மாணவர்: எங்கள் ஆய்வகக் கூம்புக் குடுவையில் பாதி வெகு கீழேயே வந்துவிடுகிறதே?

அது தலைகீழ்; அகலம் அடியில் இருக்கிறது. கழுத்தில்லாத முழுக் கூம்பானால் அடியிலிருந்து 20.6 விழுக்காடு உயரத்திலேயே பாதி நிரம்பிவிடும். கழுத்து இருப்பதால் உங்கள் குடுவைக்கு டீக்கடைக்காரரின் கணக்கைத் திருப்பிப் போட வேண்டும்.