ஷென்டன் கோடு சீராக இருந்தால் போதுமா?

"வழுக்கி விழுந்த 78 வயது அம்மாவுக்கு இடுப்பு எக்ஸ்ரே எடுத்தோம். ஷென்டன் கோடு சீராகத்தான் போகிறது. ஆனால் வலது கவட்டையில் வலிக்கிறது என்கிறார். தொடை எலும்பின் கழுத்து முறியவில்லை என்று வீட்டுக்கு அனுப்பலாமா?"

இப்போதைக்கு அனுப்பாதீர்கள். இடுப்பின் முன்பக்கத்துப் பியூபிஸ் எலும்பின் மேல்கிளையின் அடிவிளிம்பில் தொடங்கி, தொடை எலும்புக் கழுத்தின் உள்விளிம்பு வழியாக இறங்கும் வளைவுதான் ஷென்டன் கோடு. முறிந்த துண்டு இடம் விலகினால்தான் அதில் படிக்கட்டு போல ஓர் உடைப்பு தெரியும். தொடை எலும்பின் தலைப்பகுதி சற்றே வெளிப்பக்கம் சாய்ந்து கழுத்துக்குள் இறுகிப் பதிந்துவிட்டால் கோடு அப்படியே இருக்கலாம். காலும் குட்டையாகாது, சிலர் நொண்டியபடி நடந்தே வருவார்கள். வயதானவர்களிடம் தவறவிடப்படுவது பெரும்பாலும் இந்த வகைதான்.

முதலில், கழுத்தைப் பார்க்கத் தகுந்த படமா அது? பாதம் 15 டிகிரி அளவு உள்நோக்கித் திரும்பியிருந்தால்தான் கழுத்து முழு நீளத்தில் விழும். கால் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் உள்பக்கத்து லெஸ்ஸர் ட்ரோகாண்டர் என்ற எலும்புப் புடைப்பு பெரிதாகத் துருத்தித் தெரியும், கழுத்து குறுகித் தெரியும். அப்படிப்பட்ட படத்தை வைத்து முறிவில்லை என்று எழுத முடியாது. அதற்காக வலிக்கிற காலைப் பிடித்துத் திருப்பிவிடவும் கூடாது.

பிறகு தலையும் கழுத்தும் சேரும் மேல்விளிம்பைக் கண்ணால் மெதுவாகப் பின்தொடருங்கள். தலையின் புடைப்பு முடிந்து கழுத்தின் குழிவு தொடங்கும் இடம் இழைந்து போகவேண்டும். வலி இல்லாத இடப்பக்கத்தில் அப்படித்தான் இருக்கும். வலப்பக்கத்தில் அதே இடம் கூர்மையான மூலையாக மடிந்து, தலை காளான் குடை மாதிரி கழுத்தின்மேல் உட்கார்ந்திருந்தால் முறிவு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மூலையிலிருந்து கழுத்தின் குறுக்கே மங்கலான வெள்ளைப் பட்டை ஓடுகிறதா என்றும் பாருங்கள். எலும்பு இழைகள் ஒன்றுக்குள் ஒன்று நெரிந்த இடம் அது. தேய்மானத்தால் தலையைச் சுற்றி வளரும் எலும்பு முள்ளும் இதே போன்ற வெள்ளைக் கோடாகத் தெரியும். ஆனால் அது விளிம்பைத் தாண்டி உதடு போல நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே இழைகள் மடங்காமல் நேராகக் கடந்து போகும்.

பக்கவாட்டுப் படமும் கட்டாயம் வேண்டும். தலை பின்னால் சாய்ந்திருப்பது அதில்தான் தெரியும். கழுத்து சரியாக இருந்தால் பியூபிஸ் கிளைகளைப் பாருங்கள். கவட்டை வலிக்கு அங்கே ஏற்படும் முறிவும் காரணமாகலாம்.

எல்லாம் சுத்தமாகத் தெரிந்தும் காலை ஊன்றினால் வலி என்றால் அடுத்தது எம்.ஆர்.ஐ. 24 மணி நேரத்துக்குள் அது கிடைக்காவிட்டால் சி.டி. எடுங்கள். முடிவு வரும்வரை அம்மா நடக்கக் கூடாது. இறுகியிருக்கும் துண்டு ஓர் அடி எடுத்து வைப்பதில்கூட விலகலாம்; விலகினால் தலைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் அறுபட்டு, ஸ்க்ரூ போட்டு முடிந்திருக்க வேண்டியது மூட்டு மாற்றும் அறுவை சிகிச்சையில் போய் நிற்கும்.