மூன்று வருடம் தாண்டினால் போதுமா?

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதை ஆயுள் காப்பீட்டுப் படிவத்தில் எழுத வேண்டாம், மூன்று வருடம் ஓட்டிவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள் என்கிறார் ஏஜெண்ட். உண்மையா?

பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் எங்கள் அத்தை மாட்டிக்கொண்டார்.

ஏஜெண்ட் சொல்வது காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு. மூன்று ஆண்டுகள் முடிந்த ஆயுள் பாலிசியை எந்தக் காரணம் சொல்லியும் நிறுவனம் மறுக்க முடியாது. ஆனால் நடுவில் பாலிசி காலாவதியாகி, அதை மறுபடி உயிர்ப்பித்தால் அந்த மூன்று ஆண்டுகள் அன்றிலிருந்து புதிதாக ஓடத் தொடங்கும். இதை மட்டும் ஏஜெண்டுகள் சொல்லவே மாட்டார்கள்!

மாமாவுக்கு அம்பாசமுத்திரத்தில் அரிசிக்கடை. 2014-இல் ஐந்து லட்சத்துக்கு, இருபது ஆண்டு பாலிசி. ஐந்து ஆண்டுகள் ஒழுங்காகக் கட்டினார்; 2019-இல் விட்டுவிட்டார். 2021 ஆகஸ்டில் பாக்கியை வட்டியோடு கட்டி உயிர்ப்பித்தபோது உடல்நல உறுதிமொழித் தாள் ஒன்று வந்தது. ஏஜெண்டே எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று எழுதினார், மாமா கையெழுத்துப் போட்டார். அப்போது தினமும் சர்க்கரை மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தவர் அவர்.

2024 ஜனவரியில் மாரடைப்பு. பாளையங்கோட்டை மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் தாளில் ‘ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்’ என்று ஒரு வரி இருந்தது. சேர்க்கும்போது அத்தை வாயால் சொன்னதுதான். நிறுவனம் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டது. உயிர்ப்பித்து இரண்டரை ஆண்டுகூட ஆகவில்லை என்பதால் உயிர்ப்பித்ததே செல்லாது என்றார்கள். கட்டிய ஐந்து ஆண்டுக்கு உரிய பங்கு, அதாவது ஒன்றேகால் லட்சமும் அதுவரை சேர்ந்த போனசும் மட்டும் வந்தன.

‘எழுதியது ஏஜெண்ட்தானே’ என்று அத்தை இன்றும் புலம்புகிறார். படிக்காமல் கையெழுத்திட்டேன் என்று சொல்லித் தப்ப முடியாது என 2019-இல் உச்ச நீதிமன்றமே ஒரு ஆயுள் காப்பீட்டு வழக்கில் சொல்லிவிட்டது.

ஆகவே, பாலிசி கைக்கு வந்ததும் பத்திரத்தோடு இணைத்திருக்கும் விண்ணப்ப நகலைப் புரட்டுங்கள். நோய், மருந்து, ஏற்கெனவே உள்ள பாலிசிகள் பற்றிய கேள்விகளுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே கையெழுத்தில் ‘இல்லை’ இருந்தால் அது ஏஜெண்ட் வேலை. தவறு இருந்தால் எழுத்தில் திருத்தம் கேட்டு, கிளையில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். பிரீமியம் கொஞ்சம் கூடலாம், மருத்துவப் பரிசோதனைக்கும் அழைக்கலாம். பிடிக்காவிட்டால், பத்திரம் கிடைத்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து, சிறு பிடித்தம் போகப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம்.

மருத்துவக் காப்பீட்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதில் தொடர்ந்து 60 மாதம் கட்டியிருக்க வேண்டும். அதற்குப் பிறகும் மோசடி நிரூபணமானால் மறுக்கலாம்.